பஞ்சர் ஒட்டியாச்சு... உள்ளே பார்த்தாங்களா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம் கார் டயரில் ஆணி ஏறினால், டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து ரப்பர் திரியைச் செருகி அனுப்பிவிடுவார்கள். காற்று நிற்கும். ஆனால், காற்றில்லாமல் ஓடியதில் உள்பக்கம் நைந்திருந்தால் தெரியாது. உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும் ரப்பர் படலத்தின் ஓட்டையும் சரியாக மூடாமல் போகலாம். அமெரிக்க டயர் உற்பத்தியாளர்கள் சங்கம் இந்த முறையை ஏற்பதில்லை.

முதலில் டயரை ரிம்மிலிருந்து கழற்ற வேண்டும். உள்ளே ரப்பர் தூள் உதிர்ந்திருந்தால் புது டயர்தான். இல்லையென்றால் ஓட்டையைத் துளைத்துச் சுத்தம் செய்து, சுற்றிலும் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிடுவார்கள். பிறகு காளான் வடிவ 'மஷ்ரூம் பேட்ச்'சின் காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்து, தலையை உருளையால் அழுத்துவார்கள். காம்பு ஓட்டையில் ஈரம் இறங்காமல் அடைக்கும். தலை காற்றைத் தடுக்கும். பக்கச் சுவரிலோ, 6 மி.மீ.க்கு மேலோ ஓட்டை என்றால் இதுவும் கூடாது.