அடகு வைத்த நகை திருடு போனால் யார் பொறுப்பு? ‘எனக்கும் நஷ்டம்தான்’ என்று கடைக்காரர் சொன்னால் போதுமா?

கடலூரிலோ சிதம்பரத்திலோ அடகுக் கடையில் வைத்த செயின் திருட்டிலோ தீயிலோ போய்விட்டால், “என் நகையும்தான் போச்சு, நான் என்ன பண்ண?” என்பதுதான் கடைக்காரரின் முதல் பதிலாக இருக்கும். சட்டம் அதோடு விடுவதில்லை.

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152 பிரிவுகள்தான் இங்கே அடிப்படை. பொறுப்பான ஒருவர் தன் சொந்த நகையை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அதே கவனத்தோடு அடகு நகையையும் காக்க வேண்டும். அப்படிக் காத்தும் போனால் கடைக்காரர் பொறுப்பில்லை. ஆனால் கவனமாக இருந்ததைக் காட்ட வேண்டியது அவர்தான். அடகு வைத்தவர் “நீங்க அஜாக்கிரதை” என்று முதலில் நிரூபிக்கத் தேவையில்லை. நகை இரும்புப் பெட்டகத்தில் இருந்ததா, மேஜை டிராயரில் இருந்ததா? சாவி யாரிடம் இருந்தது? கேமரா ஓடியதா? வழக்கு இந்தக் கேள்விகளில்தான் நிற்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம் 161-வது பிரிவு. பணத்தைக் கட்டி மீட்க வந்தவரிடம் “அடுத்த வாரம் வாங்க” என்று காரணமில்லாமல் இழுத்தடித்து, அதற்குள் நகை தொலைந்தால், கவனமாக வைத்திருந்தேன் என்ற வாதம் எடுபடாது. அந்தத் தாமதம் தொடங்கியதிலிருந்து இழப்பு கடைக்காரர் தலையில்தான்.

கணக்கு எப்படி? ஒரு உதாரணம்: 5 பவுன் செயின், அதாவது 40 கிராம். கிராம் 9,000 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 3,60,000. கடன் 2,00,000, ஒரு வருட வட்டி 12 சதவீதத்தில் 24,000. கடைக்காரர் தவறு என்று தீர்ந்தால், கடனையும் வட்டியையும் கழித்து மீதி 1,36,000 கேட்கலாம். “கடன் ரத்து, கணக்கு சரி” என்பதற்குச் சம்மதித்தால் இழப்பது இந்தத் தொகையைத்தான். நகையைத் தர முடியாத நிலையில் கடனையும் வசூலிக்க முடியாது என்பதை லல்லன் பிரசாத் – ரஹ்மத் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966-ல் தெளிவாக்கியது. ஆனால் தன் மேல் தவறில்லை என்று கடைக்காரர் காட்டிவிட்டால், கடனைக் கேட்க அவருக்கு வழி உண்டு. கசப்பான பகுதி இதுதான்.

வங்கி, நகைக்கடன் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கியின் 2025 விதிகள் உண்டு. நகை தொலைந்தால் உடனே தெரிவித்து ஈடு செய்ய வேண்டும். கடன் முடிந்தும் திருப்பித் தரத் தங்கள் தரப்பில் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய். தெருமுனை அடகுக் கடைக்கு இது பொருந்தாது.

திருடன் பிடிபட்டாலும் நகை உடனே கைக்கு வராது. 2021 ஜனவரியில் ஓசூர் நகைக்கடன் கிளையில் கொள்ளைபோன சுமார் 25 கிலோ மறுநாளே மீட்கப்பட்டது. ஆனால் இப்படி மீட்கப்படும் நகை வழக்குச் சொத்து, நீதிமன்ற உத்தரவு வேண்டும். அங்கே உங்கள் நகை இதுதான் என்று காட்டுவது அடகுச் சீட்டுதான். எடை, வகை சீட்டில் சரியாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள். பிரச்சினை தீராவிட்டால், 2 வருடத்துக்குள் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.