அரபியில் போகும் ரஜா மனு

சவூதி அரேபியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருஷமாக வேலை பார்க்கும் நம் நர்ஸ் சகோதரி ஒருத்தி, தாயாரின் கண் ஆபரேஷனுக்கு ஊர் வர நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ரஜா மனுவைத் தமிழில் எழுதுகிறாள். மேற்பார்வை நர்ஸ் அம்மாளுக்குத் தெரிந்த பாஷை அரபி. எனவே டைப் அடிப்பவர் சொல்லுக்குச் சொல் அரபியாக்கித் தருகிறார். இவளோ படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போடுகிறாள். இது கூடவே கூடாது என்கிறோம் நாம்.

ஏன்? "ஜூன் 10 முதல் என்னைப் பணியிலிருந்து விடுவித்து, ஊர் செல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்" என்று அவள் எழுதியிருக்கிறாள். தமிழில் இதில் குற்றமில்லை. ரஜாவில் போகிறவர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் 'விடுவித்து' என்பது 'இஃபாயீ மினல் அமல்' என்று அரபிக்குப் போனால், என் பொறுப்பிலிருந்தே என்னை நீக்கிவிடுங்கள் என்று பொருள் படும். அரபியில் ரஜாவுக்குச் சொல் 'இஜாஸா', ராஜிநாமாவுக்கு 'இஸ்திகாலா'. நாட்டை விட்டுப் போகும் விசாவும் இரண்டு வகை. 'குரூஜ் வ அவ்தா' என்றால் போய்த் திரும்புவது. 'குரூஜ் நிஹாயீ' என்றால் ஒரேயடியாகப் போவது.

இது வெறும் சொல் தகராறு அல்ல, கூலி விவகாரம். அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி முதல் ஐந்து வருஷங்களுக்கு, வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடை. நான்கு வருஷத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் ஆகிறது. தானாக ராஜிநாமா செய்ததாக ஆகிவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது இருபது நாள் சம்பளம். ஒப்பந்தம், பதிவேடு முதலியவற்றில் வேறு பாஷை இருந்தாலும் அரபி வாசகமே செல்லும் என்கிறது 9-வது ஷரத்து. தமிழ் நகலை நீட்டி வாதாடி என்ன பயன்?

ஆகவே, மாற்ற வேண்டியது சொல்லை அல்ல, கருத்தை. மரியாதையும் அவர்கள் வழக்கப்படியே இருக்கட்டும். 'ஸஆதத் முதீரத்துத் தம்ரீழ் அல் முஹ்தரமா' என்று விளித்து, ஸலாம் சொல்லி, நேரே விஷயத்துக்கு வரலாம்: "அர்ஜூ அத்தகர்ரும பில் முவாஃபகா அலா இஜாஸத்தீ அஸ்ஸனவிய்யா" - என் வருஷாந்தர ரஜாவுக்குத் தயவு செய்து சம்மதம் தாருங்கள். ஜூன் 10 முதல் 30 வரை 21 நாள். ஐந்து வருஷம் ஆகாதவருக்குச் சட்டம் தரும் குறைந்தபட்சம் அதுதான். தேதியோடு 'மீலாதி' என்று சேர்க்க வேண்டும். ஹிஜ்ரி வருஷம் பதினோரு நாள் போலக் குறைவு, குழப்பம் வரும். ரஜாச் சம்பளத்தை முன்கூட்டியே கேட்கலாம். அது 109-வது ஷரத்து தரும் உரிமை. குடும்பக் கதைக்கு ஒரு வரி போதும்.

முக்கியமான வரி கடைசியில் வருகிறது: ஜூலை 1-ல் வேலைக்குத் திரும்புவேன். திரும்பி வந்து பொறுப்பேற்பதை அங்கே 'முபாஷரா' என்பார்கள். அந்தச் சொல் மனுவில் இருந்தால், இது ராஜிநாமா என்று எவரும் வாதிப்பது கடினம்.

டைப் அடித்தவரையன்றி அரபி தெரிந்த வேறொரு சக ஊழியரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்து. கொடுத்த மனுவின் நகலில் 'வாரித்' எண்ணும் தேதியும் போட்டு வாங்கி, பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைக்கட்டும்.