தவறாமல் கட்டியவர் வங்கியிடம் என்ன கேட்கலாம்?

2025 ஜூலையில் பேங்க் நெகாரா ஓபிஆர் விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75 விழுக்காடாகக் குறைத்தது. அந்தச் செய்தியை வானொலியில் வாசித்த வாரம் நேயர்கள் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அஞ்சு வருசமா ஒரு தவணைகூடத் தவறாம கட்டுறேன். பேங்க்குக்கு லெட்டர் போட்டா எனக்கும் வட்டியைக் குறைப்பாங்களா?"

இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஏறி இறங்கும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கியவருக்கு, ஓபிஆர் குறைந்தால் வட்டி தானாகவே குறையும். அதற்குக் கடிதம் தேவையில்லை. ஆனால் நம் வட்டிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, ஓபிஆரோடு நகரும் அடிப்படை விகிதம். 2022 ஆகஸ்ட் முதல் வந்த புதிய கடன்களில் அதன் பெயர் எஸ்பிஆர். பழைய ஒப்பந்தங்களில் பிஆர் அல்லது பிஎல்ஆர் என்றிருக்கும். இன்னொன்று, அதை அடிப்படையாக வைத்து உங்களுக்கென்று வங்கி நிர்ணயித்த கூடுதல் விகிதம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளில் நின்ற இடத்திலேயே அது நிற்கும். கடிதம் எழுத வேண்டியது இந்த இரண்டாவது பகுதியைக் குறைக்கத்தான்.

கார் கடனுக்கு இந்த வழி பொதுவாகப் பொருந்தாது. பழைய முறைப்படி நிலையான வட்டியில் எடுத்த வாடகைக் கொள்முதலில் வட்டி மொத்தமும் முதல் நாளே கணக்கிடப்பட்டு, தவணைகளில் பிரிக்கப்பட்டுவிடும்.

எங்கள் நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்யும் அண்ணன் ஒருவருக்குக் கிள்ளானில் ஒரு தரை வீடு இருக்கிறது. 2020 செப்டம்பரில் 30 ஆண்டுக் கடன் எடுத்தார். கடந்த ஆண்டு கணக்குப் பார்த்தபோது மீதம் ஏறக்குறைய 300,000 ரிங்கிட், இன்னும் 25 ஆண்டுகள், வட்டி 4.45 விழுக்காடு. அதாவது ஓபிஆருக்கு மேல் 1.70. அதே வங்கி புதிய வாடிக்கையாளர்களுக்கு அப்போது சொன்ன விகிதம் 4.00. மாதத் தவணையில் பார்த்தால் 1,659 ரிங்கிட்டுக்கும் 1,584 ரிங்கிட்டுக்கும் உள்ள வித்தியாசம், 75 ரிங்கிட். புதிதாக வருபவருக்கு ஒரு விலை, ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டியவருக்கு அதைவிடக் கூடுதல் விலை.

அண்ணன் முதலில் எழுதி வைத்திருந்த கடிதம் இப்படித் தொடங்கியது: "விலைவாசி ஏற்றத்தால் குடும்பச் செலவைச் சமாளிக்க முடியவில்லை…" அதை எடுத்துவிடச் சொன்னேன். சிரமம் என்று எழுதினால் அந்தக் கடிதம் கடன் மறுசீரமைப்புப் பிரிவுக்குப் போக வாய்ப்புண்டு. அங்கே வட்டியைக் குறைப்பதைவிடக் காலத்தை நீட்டித் தவணையைச் சிறிதாக்குவதைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுவார்கள். மறுசீரமைப்பு செய்தால் அது சிசிரிஸ் பதிவிலும் குறிக்கப்படும். உண்மையிலேயே கட்ட முடியாதவருக்கு அது நல்ல வழி. கட்ட முடிந்தவருக்கு அது வேண்டாத வழி.

சரி, தவறாமல் கட்டியதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது பரிசு கேட்பதற்கான சான்றிதழ் அல்ல. ஒப்பந்தப்படி நடந்ததற்காக எந்த வங்கியும் வட்டியைக் குறைக்கக் கடமைப்படவில்லை. நல்ல பதிவின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. அந்தப் பதிவு இருந்தால் வேறொரு வங்கி உங்கள் கடனை எடுத்துக்கொள்ளத் தயங்காது. அது உங்கள் வங்கிக்கும் தெரியும். "நான் நல்லவன்" என்று சொல்வதைவிட "நான் போக முடிந்தவன்" என்று காட்டும் கடிதமே பலிக்கும்.

அதற்காக மூன்று தாள்களைத் தயார் செய்தோம். முதலாவது, பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கை. அதில் கடந்த 12 மாதங்களில் ஒவ்வொரு மாதத்துக்கும் எத்தனை தவணை நிலுவை என்று ஓர் எண் இருக்கும். வரிசை முழுக்கப் பூஜ்யமாக இருக்க வேண்டும். இரண்டாவது, தொடக்கம் முதலான கடன் கணக்கு அறிக்கை, ஏனென்றால் சிசிரிஸ் காட்டாத முந்தைய நான்கு ஆண்டுகள் அதில்தான் இருக்கின்றன. மூன்றாவது, வேறொரு வங்கி எழுத்தில் தந்த வட்டி விகிதம். கூடவே லாக்-இன் காலம் முடிந்துவிட்டதா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொண்டோம். அது முடியாத நிலையில் கடனை மாற்றினால் அபராதம் உண்டு. அந்த அபராதம் இருக்கும்வரை நீங்கள் போக மாட்டீர்கள் என்பது வங்கிக்குத் தெரியும்.

பிறகு எழுதியது இவ்வளவுதான். வங்கிக்கு மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்; இங்கே தமிழில் தருகிறேன்.

"பொருள்: வீட்டுக் கடனின் வட்டி விகிதத்தைக் குறைக்கக் கோருதல். கணக்கு எண்: …

மேற்கண்ட கடனின் 60 தவணைகளையும் உரிய தேதிகளில் கட்டியுள்ளேன். சிசிரிஸ் அறிக்கையும் கணக்கு அறிக்கையும் இணைக்கப்பட்டுள்ளன. லாக்-இன் காலம் முடிந்துவிட்டது. மீதக் கடன் 300,000 ரிங்கிட். தற்போதைய வட்டி 4.45 விழுக்காடு. இதே அளவு கடனுக்குத் தங்கள் வங்கி புதியவர்களுக்கு 4.00 விழுக்காடு வழங்குகிறது. மற்றொரு வங்கியும் அதே விகிதத்தைத் தர முன்வந்துள்ளது, கடிதம் இணைப்பில். எனவே என் வட்டியை 4.00 விழுக்காடாகக் குறைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கடன் தொகையையோ காலத்தையோ மாற்றக் கோரவில்லை. 14 நாள்களுக்குள் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன்."

பதில் மூன்றாம் வாரம் வந்தது: 4.20 விழுக்காடு. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லையே என்று அண்ணனுக்கு வருத்தம். வேறு வங்கிக்குப் போனால் ஆகும் செலவைக் கணக்குப் போட்டோம். புதிய கடன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி அரை விழுக்காடு, 1,500 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் அட்டவணைப்படி 1.25 விழுக்காடு, 3,750 ரிங்கிட். இவை இரண்டுமே 5,250. வீட்டு மதிப்பீடும் பழைய அடமானத்தை விடுவிக்கும் செலவும் தனி. மாதம் 75 ரிங்கிட் மிச்சத்தில் அந்த 5,250ஐ மட்டும் ஈடுகட்டவே 70 மாதங்கள் ஆகும். உங்கள் வங்கியும் இதே கணக்கைப் போட்டுத்தான் பாதி வழியில் நிற்கிறது. கடிதத்தின் மூலம் கிடைத்த 4.20, பெரிய செலவில்லாமல் தவணையை 1,617 ரிங்கிட்டாக்கியது. அண்ணன் ஏற்றுக்கொண்டார். உங்கள் மீதக் கடன் இதைவிடப் பெரிது, வித்தியாசமும் இதைவிட அதிகம் என்றால் மாறுவதே லாபமாகலாம். முடிவைக் கணக்கு சொல்லட்டும்.

சலுகைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் இரண்டைப் பாருங்கள். குறைத்த வட்டிக்குப் பதிலாகப் புதிய லாக்-இன் காலம் ஏதும் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய விகிதம் எந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வருகிறது என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று. அண்ணன் தவணையைக் குறைத்துக்கொள்ளவில்லை. பழைய 1,659 ரிங்கிட்டையே தொடர்ந்து கட்டுகிறார். வட்டி இதே நிலையில் இருந்தால் கடன் 13 மாதம் முன்னதாக முடியும். 21,000 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் கூடுதலாகக் கட்டும் 42 ரிங்கிட்டைச் சில வங்கிகள் அடுத்த தவணைக்கான முன்பணமாக ஒதுக்கி வைத்துவிடும், வட்டி குறையாது. அதை அசலில் கழிக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாத அறிக்கையில் அசல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.