வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை

இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எத்தனையோ வகைச் சட்னிகள் இருக்கின்றன. அவை யாவும் அன்றைக்கன்று பிறந்து அன்றைக்கன்றே மறைகிறவை. ஒரு நாள் பாடுபட்டுச் செய்து வைத்தால் ஒரு மாதம் வரையில் கை கொடுப்பது மிளகாய்ப் பொடி ஒன்றுதான். இதையே இட்லிப் பொடி என்று சொல்லுகிற வீடுகளும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு வெடிமருந்து என்றே பெயர் வழங்குகிறது. அந்தப் பெயரைச் சூட்டியவர் எண்ணெய் விடாமல் தின்று பார்த்திருக்க வேண்டும் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

மிகவும் சுலபமான காரியம் என்று எல்லோரும் நினைக்கும் இந்தப் பொடியில் சங்கடம் எங்கே வருகிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். எங்கள் அடுத்த வீட்டு அம்மாளின் மகன் வட நாட்டில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். விடுமுறை முடிந்து போகும்போது தாயார் ஒரு பெரிய டப்பா நிறையப் பொடி செய்து கொடுத்தனுப்பினாள். மூன்றாவது வாரம் பிள்ளையிடமிருந்து சமாசாரம் வந்தது: பொடி கட்டி கட்டியாகிவிட்டது, பல்லில் மாவாக ஒட்டிக்கொள்கிறது, பழைய எண்ணெய் வாடையும் அடிக்கிறது. அந்த அம்மாள் மிச்சம் வைத்திருந்த பொடியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நன்றாகச் சிவக்கத்தானே வறுத்தேன், மாமி! நிறத்தைப் பாருங்கள்" என்றாள்.

நிறம் என்னவோ வாஸ்தவத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டதும் பச்சைப் பருப்பின் ருசி தட்டிற்று. விசாரித்ததில், உளுத்தம் பருப்பு, கடலைப் பருப்பு, மிளகாய், எள் எல்லாவற்றையும் ஒரே வாணலியில் சேர்த்துப் போட்டு, பெரிய தீயில் ஐந்து நிமிஷத்தில் வறுத்து முடித்திருக்கிறாள் என்று தெரிந்தது. மூன்று குற்றங்களுக்கும் மூலம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

வறுப்பது நிறம் வருவதற்காக மட்டும் அல்ல. கடையிலிருந்து வரும் பருப்பு கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும், அதன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீர் உள்ளே ஒளிந்திருக்கிறது. அந்த நீர் மணியின் நடுவிலிருந்து வெளியேறியாக வேண்டும். அது வெளியேறிய பிறகுதான் பருப்பிலுள்ள புரதமும் சர்க்கரைப் பொருளும் சூட்டில் கூடி அந்த வறுத்த வாசனையை உண்டாக்குகின்றன. மாயார் என்ற பிரெஞ்சு ரசாயனி 1912-ஆம் ஆண்டில் இந்தக் கூட்டுறவைப் பற்றி முதன்முதலில் எழுதினார். பெரிய தீயில் மணியின் மேல்புறம் மட்டும் சீக்கிரம் உலர்ந்து சிவந்துவிடுகிறது. நடுப்பகுதி ஈரமாகவும் பச்சையாகவும் நின்றுவிடுகிறது. அரைத்தபின் அந்த ஈரம் பொடி முழுவதும் பரவிக் கட்டி கட்டுகிறது. பச்சை மாவு வாயில் ஒட்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய பரீட்சை உண்டு. வறுபடும் பருப்பில் ஒரு மணியை எடுத்து ஆறவிட்டுப் பல்லால் இரண்டாகக் கடித்து, உள்முகத்தைப் பாருங்கள். நறுக்கென்று உடைந்து, உள்ளேயும் இளம் பொன்னிறம் தெரிந்தால் பக்குவம். வெளியே சிவந்து நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தீ அதிகம். இன்னும் குறைத்து வறுக்க வேண்டும். வெளியிலும் கருத்துவிட்டதென்றால் அதைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். கருகின ஒரு பிடிப் பருப்பின் கசப்பு டப்பா முழுவதையும் கெடுத்துவிடும்.

பிள்ளைக்கு மறுபடி பொடி அனுப்ப வேண்டியிருந்ததால், இருவரும் சேர்ந்தே செய்தோம். உளுத்தம் பருப்பு 200 கிராம், கடலைப் பருப்பு 100 கிராம், மிளகாய் வற்றல் 30 கிராம், கல் உப்பு 25 கிராம், கட்டிப் பெருங்காயம் ஒரு சுண்டைக்காய் அளவு. இதோடு எள் 50 கிராம் சேர்ப்பது வழக்கம். அதைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறேன். பருப்பைக் கழுவாமல் உலர்ந்த துணியில் போட்டுத் தேய்த்துத் தூசி போக்கினோம். கழுவினால் வெயிலில் நன்றாகக் காயப் போடவேண்டும். மழைக்காலத்தில் அது நடக்கிற காரியம் அல்ல.

வாணலி கனமான இரும்பாக இருப்பது நல்லது. மெல்லிய பாத்திரத்தில் தீ படும் இடம் மட்டும் கொதித்து, அங்கே கிடக்கும் மணிகள் கருகிவிடும். பருப்பு இரண்டு மணிக் கனத்துக்கு மேல் குவியக்கூடாது. அதிகமிருந்தால் இரண்டு ஈடாக வறுக்கலாம். தீ சிறியதாக இருக்க, அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டிக் கிளற வேண்டும். முதலில் கடலைப் பருப்பு. அது கெட்டியானது, சூடு உள்ளே செல்ல நேரம் பிடிக்கும். பிறகு உளுந்து. முழு உளுந்தையும் உடைத்த உளுந்தையும் கலந்து போடாதீர்கள். உடைத்தது சிவக்கும்போது முழுசு பாதிகூட வெந்திராது. தென் மாவட்டங்களில் சில வீடுகளில் தோலோடு கூடிய கறுப்பு உளுந்தைப் போடுகிறார்கள். வாசனை தூக்கலாக இருக்கும். ஆனால் நிறம் தெரியாது, கடித்துப் பார்ப்பது ஒன்றே வழி. எங்களுக்கு ஒவ்வொரு பருப்புக்கும் பத்துப் பதினைந்து நிமிஷம் பிடித்தது. காது கொடுத்துக் கேட்டால் ஒரு விசேஷம் புலப்படும்: தொடக்கத்தில் கனமாகப் புரளும் பருப்பு, நீர் வற்றியதும் சலசலவென்று லேசாக ஒலிக்கத் தொடங்கும். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே தட்டில் கொட்டிவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விட்டுவைத்தால், இரும்பின் சூடு மிச்ச வேலையை அளவுக்கு மீறிச் செய்துவிடும்.

மிளகாய்க்குப் பொறுமை அதிகம் வேண்டும். காம்பைக் கிள்ளாமல் வறுப்பது என் வழக்கம். கிள்ளினால் விதைகள் வாணலியில் உதிர்ந்து முதலில் கருகும். ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் நிறமும் காரமும் சேர்ந்தது. 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனால் அதன் தோல் தடித்தது. வெயிலில் ஒரு நாள் வைத்த பின் வறுத்தால்தான் உள்வரை மொறுமொறுப்பாகும். மிளகாய் சூட்டில் துவளும், ஆறினபின்தான் முறியும். ஆகையால் சூடாயிருக்கும்போது தொட்டுப் பார்த்து, இன்னும் ஆகவில்லை என்று மேலும் வறுத்துக் கருக்கிவிடக் கூடாது. ஒன்றை ஆறவிட்டு விரலால் நெரித்தால் நொறுங்க வேண்டும். வீட்டிலுள்ளோர் அனைவரும் இருமத் தொடங்கினால் தீ அதிகம் என்று அறியலாம். பெருங்காயத்தைச் சிறு துண்டுகளாக்கி அதே வாணலியில் பொரியவிட்டோம். உப்பையும் படபடப்பு அடங்கும்வரை வறுத்தோம். உப்பில் ஈரம் இருந்தால், பருப்பை வறுத்த பாடெல்லாம் வீண்தான்.

எள்ளின் விஷயத்துக்கு வருகிறேன். அதன் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். வறுத்து உடைத்தபின் அந்த எண்ணெய் காற்றுப் பட்டு நாளடைவில் சிக்கு வாடை கொள்கிறது. பிள்ளை சொன்ன பழைய எண்ணெய் வாடை இதுதான். வீட்டில் மூன்று நான்கு வாரத்தில் தீர்ந்துபோகும் பொடிக்கு எள் நல்ல ருசி. இரண்டு மாதம் இருக்க வேண்டிய பொடிக்கு எள் வேண்டாம் என்று சொல்லி, அனுப்பும் பங்கில் அதை விட்டுவிட்டோம். வீட்டுப் பங்குக்குக் கறுப்பு எள்ளைத் தனியே வறுத்தோம். இதற்கும் நிறம் உதவாது. படபடவென்று வெடித்து, அந்தச் சத்தம் தணியத் தொடங்கும்போது இறக்க வேண்டும். கொப்பரையோ பூண்டோ சேர்த்தால் காலம் இன்னும் சுருங்கும். பத்து நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் அகலமான தட்டுகளில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். சூட்டோடு அரைத்தால் ஆவி மூடியில் நீராகி, மறுபடி பொடியிலேயே விழும்.

அரைப்பதில் வரிசை முக்கியம். காம்பு களைந்த மிளகாய், உப்பு, பெருங்காயம் இவற்றை முதலில் நன்றாகப் பொடியாக்க வேண்டும். மிளகாய்த் தோல் பெரிதாக நின்றால் தொண்டையில் மாட்டும். அதன்மேல் கடலைப் பருப்பு, கொஞ்சம் உடைந்ததும் உளுந்து. மிக்ஸியை ஒரே மூச்சில் ஓடவிடாமல், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் திறந்து கிளறிவிடுங்கள். உரலில் இடிக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. உலக்கை தானே நிதானம் கற்பிக்கும். எள் கடைசியில், இரண்டே சுற்று. அதற்கு மேல் ஓடினால் எண்ணெய் கக்கிப் பொடி விழுதாகத் திரளும். விரல்களுக்கிடையில் தேய்த்தால் ரவையைப் போல நெருட வேண்டும். கொரகொரப்பாக இருந்தால் எண்ணெய் மணிகளுக்கிடையே தங்கும், கடிக்கவும் கொஞ்சம் இருக்கும். நைஸாகப் போனால் எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகி அண்ணத்தில் ஒட்டும். சலிக்க வேண்டியதில்லை.

அரைத்த சூடு ஆறும்வரை மறுபடி அரை மணி பரப்பி வைத்து, வெயிலில் காய்ந்த கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பினோம். பிள்ளைக்குப் பெரிய டப்பா ஒன்றுக்குப் பதிலாகச் சின்னப் புட்டிகள் மூன்று. ஒன்றைத் திறந்து உபயோகிக்கும்போது மற்றவை காற்றுப் படாமல் இருக்கும். ஈரக் கரண்டி போடாதே என்று தாயார் ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினாள். குளிர்ப் பெட்டியில் வைக்கிறவர்கள், புட்டியை வெளியே எடுத்ததும் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பொடியில் படியும்.

"பழைய பொடியை மறுபடி வறுத்து உபயோகிக்கலாமா, மாமி?" என்று அந்த அம்மாள் கேட்டாள். ஈரத்தால் லேசாகக் கட்டியதாக மட்டும் இருந்தால், வாணலியைச் சூடாக்கி இறக்கிவைத்து, அந்தச் சூட்டிலே புரட்டி எடுத்துச் சில நாளில் தீர்த்துவிடலாம். பச்சை ருசி இதனால் போகாது. மணியின் நடுவே வேகாததைப் பொடியானபின் வேகவைக்கப் பார்த்தால், நுண்ணிய தூள்தான் முதலில் கருகும். சிக்கு வாடை வந்ததையும், பூஞ்சணம் கண்டதையும் எறிந்துவிட வேண்டும். அவளுடைய கிண்ணத்தில் வாடை வந்துவிட்டிருந்ததால், அது குப்பைக்குப் போயிற்று.