போட்டோவில் குர்தியை நீட்டலாம், குறைப்பதுதான் பிரச்சினை. ஏன்?

ஆன்லைன் துணிக்கடைகளில் அடிக்கடி நடக்கும் விஷயம் இது. 40 இஞ்ச் நீளக் குர்தியை மாடலுக்குப் போட்டு போட்டோ எடுத்து முடித்திருப்பார்கள். அடுத்த லாட் 44 இஞ்ச்சில் தைத்து வரும். திரும்ப ஷூட் வைக்கச் செலவாகும் என்பதால், "கால், செருப்பு எதையும் தொடாதீங்க, குர்தியை மட்டும் நாலு இஞ்ச் இறக்கிடுங்க" என்று எடிட்டருக்கு மெசேஜ் போகும். சில நாளில் இதற்கு நேரெதிர் மெசேஜ் வரும்: "நாலு இஞ்ச் ஏத்திடுங்க."

கேட்க இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பக்கம் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைகள். முதலாவதை நேர்மையாகச் செய்ய வழி இருக்கிறது. இரண்டாவதை, கையில் இன்னொரு போட்டோ இல்லாமல், செய்யவே கூடாது என்பது என் கருத்து.

நீட்டுவது எப்படி?

முதலில் கணக்கு. போட்டோவில் கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து குர்தியின் கீழ் ஓரம் வரை 2000 பிக்சல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குர்தியின் நிஜ நீளம் 40 இஞ்ச். அப்படியென்றால் ஒரு இஞ்ச்சுக்கு 50 பிக்சல். நாலு இஞ்ச் இறக்க 200 பிக்சல். கேமராவைச் சாய்த்து எடுத்திருந்தால் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவும் வரும். அதனால் ஒரு சின்ன சோதனை: கீழே இருக்கும் 3 இஞ்ச் பார்டர், படத்தில் 150 பிக்சல் வருகிறதா? வந்தால் கணக்கு சரி.

அடுத்து, போட்டோஷாப்பில் குர்தியைத் தனி லேயராகவும், கால், லெக்கிங்ஸ், செருப்பு எல்லாவற்றையும் அதற்குக் கீழே இன்னொரு லேயராகவும் பிரித்து, கீழ் லேயரைப் பூட்டிவிட வேண்டும். இனி குர்தி கீழே இறங்கினால் காலை மறைக்கும், காலை மாற்றாது. 'தொடாதீங்க' என்பதற்கு இங்கே நிஜமான அர்த்தம் இருக்கிறது.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். Free Transform எடுத்து முழுக் குர்தியையும் கீழே இழுத்துவிடுவார்கள். 40 இஞ்ச் 44 ஆவது 10 சதவீத நீட்சி. வட்டமான பூ முட்டை வடிவமாகும். 3 இஞ்ச் பார்டர் 3.3 இஞ்ச் ஆகும். இடுப்புப் பக்கம் ஆரம்பிக்கும் சைடு ஓப்பன் கீழே நகர்ந்துவிடும். கையும் சேர்ந்து நீண்டுவிடும்.

டெய்லர் நாலு இஞ்ச் நீளமாகத் தைத்தால் என்ன மாறும் என்று யோசித்தால் சரியான வழி தானாகத் தெரியும். கழுத்து, கை, சைடு ஓப்பன் ஆரம்பிக்கும் இடம் எதுவும் நகராது. பார்டரின் அகலம் மாறாது. பார்டருக்கு மேலே துணி மட்டும் நாலு இஞ்ச் கூடும். எடிட்டரும் அதையேதான் செய்ய வேண்டும்: பார்டரை மட்டும் வெட்டி 200 பிக்சல் கீழே இறக்கி, நடுவில் விழும் இடைவெளியை அதே குர்தியின் துணியால் நிரப்ப வேண்டும். பிரின்ட் 2 இஞ்ச்சுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், இரண்டு முழுச் சுற்று சரியாக உட்காரும். 3 இஞ்ச் சுற்று என்றால் ஒரு பூ பாதியில் நிற்கும். அது பார்டர் தையலுக்குப் பக்கத்தில் நின்றால் பரவாயில்லை, நிஜத் துணியிலும் அப்படித்தான் வெட்டுப்படும். துணியின் நடுவில் நின்றால் ஒட்டுப்போட்டது உடனே தெரிந்துவிடும்.

நேர் வெட்டுக் குர்திக்கு இவ்வளவு போதும். ஏ-லைன் என்றால் இன்னொரு கணக்கு உண்டு. இடுப்பில் 18 இஞ்ச் அகலம், 20 இஞ்ச் கீழே ஓரத்தில் 24 இஞ்ச் அகலம் என்றால், ஒவ்வொரு இஞ்ச் இறங்கும்போதும் 0.3 இஞ்ச் விரிகிறது. நாலு இஞ்ச் கூட இறங்கினால் ஓரம் 1.2 இஞ்ச் அகலமாக வேண்டும். அதைச் செய்யாமல் பார்டரை அப்படியே இறக்கினால், குர்தி விரிந்து வந்து கடைசியில் உள்ளே மடங்கின மாதிரி இருக்கும்.

நிழல் யாருடையது?

குர்தியின் ஓரத்துக்கு நேர் கீழே லெக்கிங்ஸ் மேல் ஒரு மெல்லிய நிழல் விழும். ஓரம் இறங்கினால் பழைய நிழல் துணிக்கு அடியில் போய்விடும். புது ஓரத்துக்குக் கீழே புது நிழல் வேண்டும். இல்லையென்றால், காலண்டர் படத்தின் மேல் துணியை வெட்டி ஒட்டின மாதிரி குர்தி காலிலிருந்து தனியாகத் தெரியும்.

நிழலை நேராகக் கால் லேயரில் வரைந்தால் காலைத் தொட்டதாகிவிடும். அதனால் நடுவில் ஒரு தனி லேயர் போட்டு, அதை Multiply முறையில் வைத்து, அதில் வரைவார்கள். அந்த லேயரை அணைத்தால் கால் பழையபடியே இருக்கும். ஒருவர் ஒழுங்காக வேலை செய்தாரா என்று பார்க்க எளிய வழியும் இதுதான்: மேலே இருக்கும் எல்லா லேயரையும் அணைத்தால் ஒரிஜினல் கால் அப்படியே இருக்க வேண்டும்.

குறைக்கும்போது என்ன ஆகிறது?

இப்போது அதே படத்தில் ஓரத்தை நாலு இஞ்ச் மேலே ஏற்றுங்கள். 200 பிக்சல் உயரத்துக்குப் புதிதாகக் கால் தெரிய வேண்டும். அந்தக் கால் எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. கேமரா பார்த்தது துணியை. துணிக்குப் பின்னால் இருந்ததை அது பார்க்கவே இல்லை. 'காலைத் தொடாமல்' என்ற நிபந்தனை இங்கே அர்த்தமே இல்லாமல் போகிறது. தெரிகிற காலைத் தொடாமல் விடலாம். தெரியாத காலைப் புதிதாக உருவாக்கித்தான் ஆக வேண்டும்.

கறுப்பு லெக்கிங்ஸ் என்றால் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். கீழே இருக்கும் துணியைக் காப்பி எடுத்து மேலே வைத்தால் போதாதா? போதாது. முட்டிக்குச் சற்றுக் கீழே நிற்கும் ஓரத்தை ஏற்றினால் வெளியே வர வேண்டியது முட்டி. காப்பி எடுக்கக் கையில் இருப்பது கெண்டைக்கால். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு கெண்டைக்கால் முளைக்கும். முட்டியில் துணி சுருங்கும் கோடுகளும் வராது. இதோடு, பழைய ஓரத்தின் நிழல் காலில் அப்படியே ஒரு மங்கலான பட்டையாக நிற்கும். அதை அழிக்க வேண்டுமென்றால், தொடாதே என்று சொன்ன காலையே தொட வேண்டும்.

ஸ்கர்ட் என்றால் விஷயம் இன்னும் பெரிது. அங்கே உருவாக்கப்படுவது துணி இல்லை, ஒரு பெண்ணின் உடல். அவர் முட்டி தெரியாத உடையில் கேமரா முன் நிற்கத்தான் சம்மதித்தார். அவர் காட்டாத தோலை, அவர் பெயரில், அவர் முகத்துக்குக் கீழே வரைகிறோம். எந்தக் கருவியில், எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் இது மாறாது. வேலை எவ்வளவு நேர்த்தியோ, பார்க்கிறவர்கள் அதை அவ்வளவு நம்புவார்கள். அதனால் நேர்த்தி இங்கே தப்பைப் பெரிதாக்கத்தான் செய்யும்.

அப்போ நீட்டுவது மட்டும் சரியா?

மறைப்பதுதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 2021-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், செயின்ட் ஜான்ஸ் கவுண்டியிலுள்ள ஒரு பள்ளி, தன் ஆண்டு மலரில் 80 மாணவிகளின் படங்களில் மார்புப் பகுதியில் துணியைச் சேர்த்து மறைத்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மாணவிகள் கோபப்பட்டது எடிட்டிங் மோசமாக இருந்ததற்காக மட்டும் இல்லை. 'உன் உடை சரியில்லை' என்று தங்களைக் கேட்காமலே தீர்ப்பு சொன்னதற்காக. சேர்ப்பதும் மறைப்பதும் கூட ஒருவரைப் பற்றிய பேச்சுதான். அதனால் நீட்டுவதற்கும் சம்மதம் வேண்டும்.

வாங்குகிறவர் பக்கமும் ஒரு கோடு இருக்கிறது. விற்கப்போவது நிஜமாகவே 44 இஞ்ச் குர்தி, படத்தில் மட்டும் 40 இஞ்ச் என்றால், நீட்டிய படம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடையில் இருப்பதே 40 இஞ்ச், படத்தில் மட்டும் 44 என்றால் அது ஏமாற்று வேலை. கெண்டைக்கால் வரை மறையும் என்று நம்பி ஆஃபீஸுக்கு வாங்கியவருக்கு முட்டிப் பக்கம் நிற்கும் குர்தி வந்து சேரும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விளம்பரம் பொருளின் நிஜத் தன்மையோடு ஒத்துப்போக வேண்டும் என்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கவும் கூடாது. படமும் விளம்பரத்தில் ஒரு பகுதிதானே?

சரி, கடைக்காரர்கள் என்ன செய்யலாம்?

குட்டையான வடிவமும் வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் தீர்வு ஷூட்டிலேயே இருக்கிறது. கேமராவை ஸ்டாண்டிலிருந்து எடுக்காமல், மாடல் அதே இடத்தில் நிற்கும்போதே, அவர் சம்மதத்தோடு குர்தியை மடித்துப் பின் குத்தி இன்னொரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம். சில நிமிட வேலை. பிறகு ஓரத்தை ஏற்றும்போது தெரிவது நிஜமான கால், நிஜமான லெக்கிங்ஸ் சுருக்கம். அந்த இரண்டாவது போட்டோ இல்லையென்றால் திரும்ப எடுங்கள். செலவு என்பீர்கள். கொரியரில் திரும்பி வரும் பார்சலுக்கும் செலவுதான்.

வாங்குகிறவர்கள்?

படத்தைப் பெரிதாக்கி மூன்று இடம் பாருங்கள். ஓரத்துக்குக் கீழே நிழல் இருக்கிறதா, ஓரத்துக்குச் சம்பந்தமில்லாமல் காலில் ஒரு மங்கல் பட்டை நிற்கிறதா? கீழே இருக்கும் பூக்கள் மேலே இருப்பதைவிட நீளமாக இருக்கின்றனவா? முட்டி இருக்க வேண்டிய இடத்தில் முட்டி இருக்கிறதா?

இதில் தேறினாலும் படத்தை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு குர்தியை எடுத்து, கழுத்தும் தோளும் சேரும் இடத்திலிருந்து கீழ் ஓரம் வரை டேப்பில் அளந்து, இஞ்ச் கணக்கில் போனில் குறித்து வையுங்கள். 5 அடி 6 அங்குல மாடலுக்கு முட்டிக்குச் சற்றுக் கீழே நிற்கும் குர்தி, 5 அடி 2 அங்குலம் இருப்பவருக்கு இன்னும் கீழே இறங்கும். எடிட் செய்யாத படமே இவ்வளவு மாறும். இஞ்ச் கணக்கைப் போடாமல் படத்தை மட்டும் காட்டும் கடையில், "லெங்த் எத்தனை இஞ்ச்?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகு பணம் போடுங்கள்.