பெயர் கொடுத்தவர்கள் ஏன் வருவதில்லை?

கல்லூரிகளில் முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கியதும் மன்றங்களுக்கு ஆள் சேர்க்கும் வேலையும் தொடங்கிவிடும். வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசுவோம். ஒரு தாள் சுற்றி வரும். பாதி வகுப்பாவது பெயர் எழுதித் தரும். ஒரு மாதம் கழித்து நடக்கும் முதல் கூட்டத்துக்கு ஐந்தாறு பேர் வந்தால் பெரிது. மாணவர்களுக்கு ஆர்வமில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். இயற்கை மன்றங்களைப் பார்த்தவரையில், குறை மாணவர்களிடம் இல்லை. அழைக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

வழக்கமான அழைப்பு சுற்றுச்சூழலைக் காப்போம் என்று தொடங்கிச் சான்றிதழ் உண்டு என்று முடியும். உடனே வரும் கேள்வி, “ஓ.டி. கிடைக்குமா சார்?” சான்றிதழைக் காட்டி அழைத்தால் சான்றிதழுக்கான பெயர்தான் கிடைக்கும். அதற்குப் பதில் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: “மழைக்காலத்தை ஒட்டி வடக்கிலிருந்து ஆறுமணிக் குருவி நம் பக்கம் வலசை வரும். காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். அது வருவதற்குள் நம் வளாகத்துப் பறவைகளைத் தெரிந்துகொள்ளப் போகிறோம். வியாழன் காலை 8.40 மணிக்கு நூலகத்துக்கு எதிரே இருக்கும் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். 15 நிமிடம் போதும். எதுவும் தெரிந்திருக்க வேண்டாம்.” ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் பேச்சில் நாள், நேரம், இடம், அளவு நான்கும் இருக்கின்றன. கேட்பவர் முடிவெடுக்க இவை போதும்.

நேரத்தைக் குறிப்பதில்தான் பல மன்றங்கள் சறுக்குகின்றன. பறவை பார்க்க விடியற்காலையே நல்லது என்பது உண்மை. ஆனால் ஆறு மணிக்கு அழைத்தால் விடுதி மாணவர்கள் மட்டுமே வர முடியும். கல்லூரிப் பேருந்தில் வருபவர்கள் எட்டரைக்குத்தான் இறங்குவார்கள். மாலையில் மணி அடித்ததும் அதே பேருந்தைப் பிடிக்க ஓடுவார்கள். எனவே முதல் நிகழ்ச்சி பேருந்து நேரத்துக்குள் அடங்க வேண்டும். அந்த நேரத்திலும் மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், தேன்சிட்டு எல்லாம் கண்ணில் படும்.

அடுத்து நிகழ்ச்சி நிரல். 12 மாதத்துக்கும் ஒன்று என்று அடுக்கினால் எதுவும் மனதில் நிற்காது, மூன்று போதும். நாடெங்கும் பட்டாம்பூச்சி மாதமாகக் கொண்டாடப்படும் செப்டம்பரில் வளாகப் பூச்செடிகளைச் சுற்றி ஒரு நடை. நவம்பரில் மழையும் பருவத் தேர்வும் இருப்பதால் எதுவும் வேண்டாம். ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர் தன் வீட்டுக் கொல்லையிலோ ஊர்க் கண்மாயிலோ நின்று கணக்கெடுக்கலாம் என்பதால், விடுமுறையே இங்கு வசதியாகிறது. பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் வளாகப் பறவைகள் கணக்கெடுப்பு. அதற்கு எல்லோரும் மறுபடி ஒன்றுகூடுவார்கள்.

கடைசியாக, வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் முறை. முதலாவது, பதிவு. முதலில் பெயர், பிறகு வருகை என்ற வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதல் நடை முடிந்த மரத்தடியிலேயே பெயர், துறை, விடுதியா பேருந்தா என்ற மூன்றை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இரண்டாவது, தகவல் தொடர்பு. எல்லோரையும் சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் மாணவிகளின் எண் முன்பின் தெரியாதவர்களுக்கும் போய்விடும். அந்தத் தயக்கத்திலேயே சிலர் விலகுவார்கள். வாட்ஸ்அப் சமூகத்தின் அறிவிப்புப் பகுதியைப் பயன்படுத்தினால் எண்கள் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. மூன்றாவது, ebird.org தளத்தில் கணக்குத் தொடங்கி முதல் பட்டியலைச் சேர்ந்தே பதிவது. கணக்கெடுப்பு நாள்களில் ஒரு பட்டியலுக்குக் குறைந்தது 15 நிமிடம் பார்க்க வேண்டும்; நம் முதல் நடையே அதற்கான பயிற்சி. “காக்கையையும் எழுதணுமா?” என்று புதியவர்கள் கேட்பார்கள். கண்டிப்பாக எழுத வேண்டும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தால்தான் அது முழுமையான பட்டியல்; பொதுவான பறவைகள் குறைகின்றனவா என்பதும் அப்படித்தான் தெரியவரும்.

அழைப்பு பலித்ததா என்பதை இரண்டாம் முறை வந்தவர்களை எண்ணித்தான் அறிய முடியும். நாற்பது பேர் பெயர் கொடுத்து ஐவர் வருவதைவிட, 12 பேர் வந்து எட்டுப் பேர் மறுபடியும் வருவது மேல். முதலில் வந்தவர்கள் திரும்பவில்லை என்றால் நேரமோ இடமோ பொருந்தவில்லை என்று பொருள்; அதை அவர்களிடமே கேட்டு அடுத்த வாரமே மாற்றலாம். மன்றப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஆண்டு வகுப்புக்குள் போகும்போது பெயர் எழுதும் தாளைக் கொண்டுபோகாதீர்கள். மூன்று நாளுக்குள் வரும் ஒரு தேதியைச் சொல்லிவிட்டு, அன்று மரத்தடியில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.