முதல் குறையவில்லை என்பது மட்டும் போதாது

ஓய்வு பெறும்போது கைக்கு வரும் பி.எஃப். பணத்தை வங்கியில் டெபாசிட் போடு, முதலில் கை வைக்காதே, வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய், கடைசி வரை கவலையில்லை. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் கம்பெனிகளில் உழைத்துவிட்டுப் புளியந்தோப்பில் வீடு சேர்ந்தவர்களுக்குச் சொந்தபந்தம் எல்லாம் சொல்லும் யோசனை இது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்றையும் சேர்ப்பார்கள். விலைவாசியோடு சேர்ந்து வளரும் பத்திரத்தை அரசு 2013இல் விட்டுப் பார்த்தது, வெறும் 1.5 சதவீத வட்டி, யாரும் சீண்டவில்லை, அது தோற்றுப்போன திட்டம் என்பார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

முதலில், 'முதல் பத்திரமாக இருக்கிறது' என்ற பேச்சு. பின்னி மில் 1996இல் மூடப்பட்டது. அந்தச் சமயத்தில் 1 லட்சம் ரூபாயோடு வேலையிலிருந்து வெளியே வந்த ஒருவர், சொன்ன யோசனைப்படியே வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்றும் அவர் பாஸ்புத்தகத்தில் 1 லட்சம் அப்படியே இருக்கும். ஆனால் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு அதற்குப் பிறகு ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அந்த 1 லட்சத்தால் இன்று வாங்கக்கூடியதை 1996இல் 20,000 ரூபாய்க்குள் வாங்கியிருக்கலாம். அவர் எடுத்துச் சாப்பிட்ட வட்டியில் பெரும்பகுதி வட்டியே அல்ல. விலைவாசிக்கு ஈடாக முதலோடு சேர்ந்திருக்க வேண்டிய பணம் அது. முதலைத் தொடவில்லை என்று நம்பிக்கொண்டே அதைக் கரைத்திருக்கிறார்.

இதே தெருக்களில் இதற்கு மாற்றும் கண்ணெதிரே இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரின் பென்ஷனில் பஞ்சப்படி உண்டு. விலைக் குறியீடு ஏறினால் அதுவும் ஏறும். தனியார் கம்பெனிக்காரருக்கு பி.எஃப். அலுவலகம் தரும் பென்ஷனில் அது கிடையாது. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. விலைவாசி ஒன்றரை மடங்கைத் தாண்டிய பிறகும் அதே 1,000தான். பஞ்சப்படி இல்லாதவரின் சேமிப்புக்குப் பஞ்சப்படி தருவதுதான் பணவீக்கப் பத்திரம்.

இனி அந்த 1.5 சதவீதம். அதைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் அதை வங்கி வட்டியோடு நேருக்கு நேர் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட முடியாது. வங்கி சொல்லும் வட்டிக்குள் விலையேற்றம் அடங்கியிருக்கிறது. பத்திரம் சொல்லும் வட்டி விலையேற்றத்துக்கு மேலே வருவது. 2013 ஜூனில் ரிசர்வ் வங்கி ஏலம் விட்ட 10 ஆண்டுப் பத்திரத்தின் வட்டி 1.44 சதவீதம். 1 லட்சம் போட்டால், குறியீடு 5 சதவீதம் ஏறியதும் முதலே 1,05,000 என்று எழுதப்படும். அந்த 1,05,000க்கு 1.44 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 1,512 ரூபாய், இரண்டு தவணையாக வரும். மறுபடி குறியீடு ஏறினால் முதலும் ஏறும், அதன்மேல் வட்டியும் ஏறும். முடிவில் ஏறி நிற்கும் முதல் கைக்கு வரும். குறியீடு ஒருவேளை விழுந்திருந்தாலும் போட்ட தொகைக்குக் குறையாது.

எதிர்த்தரப்பின் பலமான வாதம் அடுத்தது. 2013 டிசம்பரில் வங்கிகள் 9 சதவீதத்தை ஒட்டி வட்டி தந்தன. அதை 10 ஆண்டுக்குப் பூட்டி வைத்தவர் பத்திரக்காரரைவிட அதிகம் சம்பாதித்தார். உண்மைதான். அடுத்த 10 ஆண்டில் சில்லறை விலையேற்றம் சராசரியாக 5 சதவீத அளவில் அடங்கிவிட்டது. பத்திரம் ஆறரை சதவீதத்தைச் சுற்றித்தான் தந்திருக்கும். ஆனால் விலையேற்றம் அப்படி அடங்கும் என்பது 2013இல் யாருக்கும் தெரியாது. அன்று அது 10 சதவீதத்தைச் சுற்றி நின்றது. டெபாசிட்காரர் ஜெயித்தது, விலையேற்றம் இறங்கியதால்.

ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு 2020ஐப் பாருங்கள். அந்த மே மாத இறுதியில் ஸ்டேட் வங்கியின் 5 முதல் 10 ஆண்டு டெபாசிட்டுக்கு வட்டி 5.4 சதவீதம். சில்லறை விலையேற்றமோ 2020-21இல் 6.2, அடுத்த ஆண்டு 5.5, அதற்கடுத்த ஆண்டு 6.7 சதவீதம். டெபாசிட்டில் போட்ட 1 லட்சம் 3 ஆண்டில் சுமார் 1,17,500 ஆனது. பழைய 1 லட்சத்தின் வாங்கும் சக்தி மட்டும் தங்க வேண்டுமானால் சுமார் 1,19,500 வேண்டும். வட்டியில் ஒரு பைசா எடுக்காமல், வரியும் கட்டாமல் இருந்தால்கூட 2,000 ரூபாய் துண்டு விழுகிறது. விலையேற்றத்துக்கு மேல் 1.5 சதவீதம் தரும் பத்திரம் கையில் இருந்திருந்தால் அது 1,24,000ஐத் தாண்டியிருக்கும். அந்த நேரத்தில் அப்படியொரு புதுப் பத்திரம் சாதாரண மனிதருக்கு விற்பனையில் இல்லை.

ஏன் இல்லை? யோசனை தவறு என்பதாலா? நடந்ததைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஜூன் 2013 பத்திரத்தை மொத்த விலைக் குறியீட்டோடு கட்டினார்கள். அதில் வீட்டு வாடகை இல்லை, பள்ளிக் கட்டணம் இல்லை, டாக்டர் பீஸ் இல்லை. 2014இல் கச்சா எண்ணெய் விலை சரிந்ததும் அந்தக் குறியீடு விழுந்தது. 2015 முழுக்க மொத்த விலைப் பணவீக்கம் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. அதே ஆண்டு சில்லறை விலையேற்றம் 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மளிகைக்கும் வாடகைக்கும் கூடுதலாகக் கொடுத்தவரின் பத்திரம் மட்டும் சுருங்கியது. 2013 டிசம்பரில் வந்த அந்த 1.5 சதவீதச் சேமிப்புப் பத்திரம் சரியான குறியீட்டை, நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பிடித்தது. ஆனால் அதை 2014 மார்ச் வரைதான் விற்றார்கள். வட்டியும் முதலும் 10 ஆண்டு முடிவில்தான் மொத்தமாக வரும்; மாதச் செலவுக்குப் பணம் வேண்டிய ஓய்வூதியர் அதை வைத்து என்ன செய்வார்? வரிச் சலுகையும் இல்லை. அமெரிக்காவில் தனிநபர்களுக்காகவே விற்கப்படும் பணவீக்கச் சேமிப்புப் பத்திரம் 2022 மே மாதத்தில் ஆண்டுக்கு 9.62 சதவீதம் என்ற விகிதத்தில் வட்டி தந்தபோது மக்கள் வாங்கிக் குவித்தார்கள். பிரிட்டன் 1981 முதலே விலைக் குறியீட்டோடு கட்டிய பத்திரங்களை வெளியிடுகிறது.

இந்தப் பத்திரத்துக்குக் குறைகள் உண்டு. சந்தையில் கைமாறும் வகையை முதிர்வுக்கு முன் விற்றால் நட்டம் வரலாம். 2022இல் வட்டி விகிதங்கள் ஏறியபோது, விலைவாசி எகிறிக்கொண்டிருந்தும் அமெரிக்க, பிரிட்டன் பத்திரங்களின் சந்தை விலை விழுந்தது. நெடுநாள் சேமிப்பவர் கடைசி வரை வைத்திருந்தால்தான் பாதுகாப்பு முழுதாகக் கிடைக்கும். அடுத்து, குறியீடு என்பது நாடு முழுவதுக்குமான சராசரி. மருந்துக்கே பாதிப் பென்ஷன் போகும் வீட்டின் விலையேற்றத்தை அது முழுதாக ஈடுகட்டாது. விலையேற்றத்துக்கு ஈடாக வரும் பணத்தையும் வருமானம் என்று கணக்கிட்டு வரி போடுவது இன்னொரு அநியாயம். தங்கம் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வரி: 2012இன் பிற்பகுதியிலிருந்து 2015 வரை சாமான் விலை ஏறியது, தங்கம் இறங்கியது. அவசரத்துக்கு விற்க வேண்டியவருக்கு அந்த மூன்று ஆண்டு மிக நீளமானது.

ஆகவே மத்திய நிதி அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் இதை மறுபடி கொண்டுவர வேண்டும். நுகர்வோர் விலைக் குறியீட்டோடு கட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி தந்து, ஆண்டு முழுவதும் தபால் நிலையத்திலேயே விற்க வேண்டும். விலையேற்றத்துக்கு ஈடாக வரும் பங்குக்கு வருமான வரி விலக்கும் வேண்டும். அது வரும் வரை, டெபாசிட்டை நம்பி இருப்பவர்கள் வட்டி முழுவதையும் செலவு செய்யாமல், அந்த ஆண்டு விலையேற்ற அளவுக்காவது முதலோடு சேர்த்துவிடுங்கள்.